தீர்மானம் கேட்கும் அறிக்கை

மலைநாட்டுத் தோட்டமொன்றில் நாற்பது வீடுகள் கட்டப்படுகின்றன என்றால், அவ்வேலையைச் சுற்றி எத்தனையோ காகிதங்கள் பிறக்கின்றன. வரைபடம், மதிப்பீடு, காணி அளவைப் படம், பயனாளிகளின் பட்டியல், கொள்வனவுக் கணக்கு என்று அவை கோப்புகளில் அடுக்கப்படுகின்றன. அவற்றுள் மிகக் குறுகிய வாழ்நாளை உடையது மாதாந்த முன்னேற்ற அறிக்கையாகும். ஒரு கூட்டத்திலே அது வாசிக்கப்படுகிறது. அடுத்த மாதம் புதிய அறிக்கை வந்ததும் பழையது மறக்கப்படுகிறது. ஆயினும், திட்டத்தை நடத்துவோர் தம்மைவிட அதிகாரம் உடையவர்களோடு பேசுவதற்கு வாய்த்த ஒரே வாயில் பெரும்பாலும் இந்த அறிக்கைதான். அந்த வாயிலில் நின்று அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

முன்னேற்ற அறிக்கைக்கு இரண்டு கடமைகள் உண்டு. நடந்தவற்றைச் சொல்வது ஒன்று. மேலே நடப்பதற்கு யார், எதை, எப்போது தீர்மானிக்க வேண்டும் என்று கேட்பது மற்றொன்று. முதலாவது கடமை எளிது. அத்திவாரங்களை எண்ணலாம், சுவர்களை அளக்கலாம். இரண்டாவது கடினமானது. ஆகையால், பெரும்பாலான அறிக்கைகள் முதற் கடமையைப் பக்கம் பக்கமாகச் செய்து, இரண்டாவதைக் கடைசி வரியில் மரியாதையோடு தொட்டுவிட்டு முடிந்துவிடுகின்றன.

சப்பிரகமுவ மாகாணத்திலே, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில், இக்குறைபாடு வெறும் எழுத்துக் குறைபாடாக நின்றுவிடுவதில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, நிலமும் மழையும். தேயிலையும் றப்பரும் வளரும் அம்மலைச் சரிவுகள் தென்மேற்குப் பருவமழையை நேரே ஏற்பவை. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கப் பகுதியில் மலைச்சரிவு ஊர்களையே மூடியது. அந்நாளிலேயே புளத்கொஹுபிட்டியவில் தோட்ட மக்களின் குடியிருப்பும் மண்ணுக்குள் புதைந்தது. இரண்டாவது காரணம், அதிகாரம் பலரிடம் பிரிந்து கிடப்பது. 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டக் காணிகள் 1992ஆம் ஆண்டு முதல் தனியார் கம்பனிகளின் முகாமைக்கு விடப்பட்டன. ஆகவே, காணி அரசுடையது. அதை வைத்திருப்பது கம்பனி. வீட்டு வேலையைப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் போன்ற ஓர் அமைப்பு நடத்தும். சரிவு பாதுகாப்பானதா என்று சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மக்களை இடம்பெயர்த்துத் தங்கவைக்கும் பொறுப்பு பிரதேச செயலகத்தைச் சார்ந்தது. இத்தனை பேர் ஒரு மேசையைச் சுற்றி அமரும்போது, தன்னிடம் எது கேட்கப்படுகிறது என்று ஒருவருக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால், ஒவ்வொருவரும் மற்றவரே செய்வார் என்று காத்திருப்பது இயல்பு.

எச்சரிக்கை கிடைத்தும் தீர்மானம் பிறக்காத நிலை எவ்வளவு கொடியது என்பதை, சப்பிரகமுவைக்கு அடுத்துள்ள ஊவா மாகாணம் கண்டது. கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை விழுங்கியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தமை பின்னர் பேசப்பட்டது. ஆபத்து அறியப்பட்டிருந்தது. ஆனால், அறியப்பட்ட ஆபத்து, ஒருவர் ஒரு நாளுக்குள் எடுத்தாக வேண்டிய தீர்மானமாக மாறவில்லை. மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள்.

இனி ஓர் அறிக்கையையே எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். பின்வருவது விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட மாதிரி. எந்த ஒரு தோட்டத்தையும் குறித்ததன்று. ஆனால், இத்தகைய கூட்டங்களில் அமர்ந்தவர்கள் இதன் நடையை உடனே இனங்காண்பார்கள். கேகாலை மாவட்டத் தோட்டமொன்றில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் 7 பேர்ச்சஸ் காணியில் 40 வீடுகள் கட்டப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதம் 10ஆந் திகதி நடைபெறும் கூட்டத்திற்காக, பெப்ரவரி மாத இறுதியில் தொழினுட்ப உத்தியோகத்தர் எழுதிய அறிக்கை இது:

"40 வீடுகளைக் கொண்ட இத்திட்டத்தின் வேலைகள் பொதுவாகத் திருப்திகரமாக முன்னேறி வருகின்றன. இதுவரை 28 வீடுகளுக்கு அத்திவாரம் இடப்பட்டுள்ளது. 20 வீடுகளின் சுவர்கள் எழுப்பப்பட்டுள்ளன. 9 வீடுகளுக்குக் கூரை போடப்பட்டுள்ளது. மொத்த முன்னேற்றம் 45 வீதமாகும். பயனாளிகள் சிரமதானத்தின் மூலம் சிறந்த ஒத்துழைப்பை வழங்கி வருகின்றனர். குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை ஆரம்பிக்கப்பட்டுள்ளது. மணல் விநியோகத்தில் ஏற்பட்ட சிறு தாமதம் நிவர்த்தி செய்யப்பட்டு வருகிறது. மேற்பிரிவிலுள்ள 12 காணித் துண்டுகள் தொடர்பாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அவதானிப்புகள் கிடைத்துள்ளன. மாற்று ஏற்பாடுகள் குறித்து உரிய தரப்பினருடன் பேச்சுவார்த்தை நடைபெற்று வருகிறது. இவ்விடயம் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கப்படுகிறது."

இவ்வறிக்கையில் பொய்யான வாக்கியம் ஒன்றேனும் இல்லை. எழுதியவர் எதையும் மறைக்கவும் எண்ணவில்லை. ஆயினும், இதைக் கேட்டவர்கள் தலையசைத்துவிட்டு அடுத்த அறிக்கைக்குப் போவார்கள். ஒரே காலையில் இருபது திட்டங்களைக் கேட்க வேண்டிய தலைவர், "திருப்திகரமாக" என்ற முதல் வரியைக் கொண்டே மற்ற வரிகளின் நிறத்தை முடிவு செய்துவிடுகிறார்.

எழுதிய உத்தியோகத்தரை அருகில் அழைத்து, அந்த "அவதானிப்புகள்" யாவை என்று கேட்டால் வேறொரு கதை வெளிவருகிறது. மேற்பிரிவின் 12 துண்டுகளிலும், முதலில் தடுப்புச் சுவரும் மேற்பரப்பு வடிகாலும் அமைத்தாலன்றி, வீடு கட்டக் கூடாது என்று நிறுவனம் எழுதியிருக்கிறது. அச்சுவரும் வடிகாலும் மதிப்பீட்டில் இல்லை. பாதைக்குக் கீழே பழைய றப்பர்க் காணியில் சரிவு குறைந்த இடம் உண்டு. தோட்ட முகாமையாளர் அதைத் தர மனமுள்ளவர். ஆனால், கம்பனியின் தலைமை அலுவலகம் எழுத்தில் சம்மதிக்காமல் அவரால் ஓர் அங்குலமும் விட முடியாது. அச்சம்மதத்தை எழுத்தில் யாராவது கேட்டார்களா என்றால், எவரும் கேட்கவில்லை. "பேச்சுவார்த்தை" என்பது பாதையோரத்தில் இருவர் பேசிக்கொண்டது. கடைசியாக ஒன்று: அந்த 12 குடும்பங்களும் இன்று வாழ்கின்ற லயன், வெட்டிய மண்மேட்டின் அடியிலே இருக்கிறது.

திட்டத்தின் உயிர்நாடி இத்தனையும் அறிக்கையின் ஒன்பதாம் பத்தாம் வாக்கியங்களுள் உறங்கிக் கிடந்தது. அதை உறங்கவைத்த சொற்களை ஒவ்வொன்றாகக் கவனிப்போம்.

முதலாவது, வீதக் கணக்கு. 45 வீதம் என்பது சராசரி. சராசரி என்பது இரு வேறு நிலைகளை ஒன்றாகக் கலந்து இரண்டையும் மறைத்துவிடும். இத்திட்டத்தில் இருப்பது நாற்பது வீடுகளின் ஒரு முன்னேற்றமன்று. 28 வீடுகள் நன்றாக முன்னேறுகின்றன. 12 வீடுகளில் ஒரு மண்வெட்டியும் படவில்லை. இப்போதைய நிலையில் படவும் முடியாது. அடுத்த மாதம் மேலும் சில கூரைகள் ஏறினால் வீதம் 50க்கு மேலே போகும். அறிக்கை இன்னும் மகிழ்ச்சியாக ஒலிக்கும். ஆனால், 12 வீடுகளின் நிலை அப்படியே இருக்கும். ஒரு பகுதி ஓட, ஒரு பகுதி நிற்கும் திட்டத்தில் மொத்த வீதம் சொல்வதைவிட, "28இல் இவ்வளவு, 12இல் எதுவுமில்லை" என்று பிரித்துச் சொல்வதே உண்மைக்கு நெருங்கியது.

இரண்டாவது, செய்பவர் இல்லாத வினைச்சொற்கள். "நிவர்த்தி செய்யப்பட்டு வருகிறது", "பேச்சுவார்த்தை நடைபெற்று வருகிறது" என்பவற்றில் ஆள் இல்லை, நாள் இல்லை. அலுவலகத் தமிழில் இவ்வாக்கியங்கள் பணிவின் அடையாளமாகக் கருதப்படுகின்றன. ஆனால், யாருடைய கடமையும் அன்றாகிப் போன வேலைக்கு இவையே போர்வையாகின்றன. சோதிப்பது எளிது: அத்தகைய வாக்கியத்தின்முன் "யார்?" என்றும், பின் "எந்தத் திகதிக்குள்?" என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். விடை தெரிந்தால் அதையே எழுதலாம். விடை தெரியவில்லையெனில், அங்கேதான் ஒரு தீர்மானம் தேவைப்படுகிறது என்று அறிந்துகொள்ளலாம். சப்பிரகமுவையில் இதற்கு இன்னுமொரு பயன் உண்டு. தமிழில் எழுதிய அறிக்கை சிங்களத்திற்கு மாற்றப்பட்டுக் கூட்டத்திற்குப் போவதுண்டு. ஆளும் நாளும் உள்ள சிறிய வாக்கியம் மொழிபெயர்ப்பில் சிதைவதில்லை. ஆளற்ற நீண்ட வாக்கியமோ மேலும் மங்கிப் போகிறது.

மூன்றாவது, "கவனத்திற்குச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்ற முடிவு. கவனம் கேட்டவருக்குக் கவனமே கிடைக்கும். கூட்டக் குறிப்பில் "கவனத்திற்கொள்ளப்பட்டது" என்று எழுதப்படும், வேறொன்றும் நடவாது. சம்மதக் கடிதம் வேண்டுமென்றால் சம்மதக் கடிதம் வேண்டும் என்றே கேட்க வேண்டும்.

நான்காவது, இடம். மிகப் பெரிய செய்தி மிகக் கடைசியில் நின்றது. இது நம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. 2003ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, வெளித்தொட்டியிலிருந்து பிரிந்த நுரைக் காப்புத் துண்டொன்று அதன் இடச் சிறகில் மோதியது. சிறகு தாங்குமா என்று ஆராய்ந்த பொறியியலாளர் தம் முடிவை அதிகாரிகளுக்குப் படக்காட்சித் தாள்களில் விளக்கினர். ஒரு தாளின் தலைப்பு, பழைய சோதனைகள் பாதுகாப்பின் பக்கமே சாய்கின்றன என்ற எண்ணத்தைத் தந்தது. அத்தாளின் அடியில், மிகச் சிறிய எழுத்திலே, சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதிய துண்டு ஏறத்தாழ 1920 கன அங்குலம் என்ற செய்தி இருந்தது. அதாவது, 640 மடங்கு பெரிது. பழைய சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். பெப்ரவரி 1ஆந் திகதி அவ்வோடம் திரும்பும்போது சிதைந்தது, எழுவர் மாண்டனர். அவ்வாண்டு வெளியான விசாரணைச் சபையின் அறிக்கை, அத்தாளை எடுத்துக்காட்டாக வைத்து, அதைப் படித்த மேலதிகாரி உயிராபத்து ஒன்றைப் பற்றித் தாம் படிக்கிறார் என்பதை உணராமற் போகக்கூடும் என்று சுட்டியது. அங்கும் பொய் எதுவும் எழுதப்படவில்லை. தலைப்பு ஒன்றைச் சொல்ல, கடைசி வரி வேறொன்றைச் சொன்னது; அவ்வளவே.

இனிக் கேகாலைத் தோட்டத்தின் அறிக்கைக்கு மீளுவோம். அதைத் திருத்துவதற்குப் பேனாவை எடுக்குமுன் நாட்காட்டியை எடுக்க வேண்டும். தீர்மானம் "விரைவில்" வேண்டும் என்பது பயனற்ற சொல். எந்த நாளுக்குப் பின் வந்தால் அது வீண் என்பதைப் பின்னோக்கி எண்ணிக் காண வேண்டும். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக மே மாதப் பிற்பகுதியில் வலுக்கிறது. அதன்பின் சரிவில் மண் வெட்டுவது ஆபத்து. எனவே, மே 15ஆந் திகதிக்குள் 12 அத்திவாரங்களும் முடிய வேண்டும். அவ்வேலைக்கு ஆறு வாரங்கள் வேண்டும். ஏப்ரல் நடுவில் புத்தாண்டுக்காக மேசன்மார் ஊருக்குப் போனால் ஒரு வாரம் கழியும். ஆக ஏழு வாரங்கள். வேலை மார்ச் 27ஆந் திகதி ஆரம்பிக்க வேண்டும். அதற்குமுன், புதிய இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்வையிட்டு அறிக்கை தர இரண்டு வாரங்கள் என்று கொண்டால், காணிச் சம்மதம் மார்ச் 13ஆந் திகதிக்குள் கைக்கு வர வேண்டும்.

கூட்டமோ மார்ச் 10ஆந் திகதி. இடையில் மூன்றே நாட்கள். அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்தால் ஏப்ரல் ஆகிவிடும். மழைக்குமுன் அத்திவாரம் இல்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் சப்பிரகமுவையில் கனத்த மழை உண்டாதலால், மண் வேலைக்கு ஏற்ற அடுத்த உலர்காலம் சனவரியிலேதான் வரும். ஒரு கூட்டத்தில் நழுவிய தீர்மானத்தின் விலை ஒரு மாதமன்று. ஏறத்தாழ ஓர் ஆண்டு. இக்கணக்கைப் பழைய அறிக்கையிலிருந்து எவரும் ஊகித்திருக்க முடியாது.

இக்கணக்கு இன்னோர் உண்மையையும் வெளிப்படுத்துகிறது. சம்மதம் நாளையே கிடைத்தாலும் மே மாதத்தில் முடிவது அத்திவாரம் மட்டுமே; வீடு அன்று. ஆகவே, 12 குடும்பங்களும் இவ்வாண்டு மழையை எப்படியும் அந்த மண்மேட்டின் அடியிலேதான் சந்திக்கப் போகின்றன. கனமழை இரவுகளில் அவர்கள் எங்கே போவார்கள் என்பது இரண்டாவது தீர்மானம். பழைய அறிக்கை இதைக் குறிப்பிடவில்லை என்பது மட்டுமன்று. அதை எழுதியவரும் இதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அறிக்கையை இறுக்குவதன் முதற்பயன் படிப்பவருக்கன்று, எழுதுபவருக்கே என்பது இங்கே விளங்கும்.

திருத்திய அறிக்கை பின்வருமாறு அமையலாம்:

"இக்கூட்டத்தில் வேண்டப்படும் தீர்மானங்கள் இரண்டு.

ஒன்று: பாதைக்குக் கீழேயுள்ள பழைய றப்பர்க் காணியில் 12 வீடுகளுக்கான 84 பேர்ச்சஸ் நிலத்தையும், அவற்றுக்குரிய பாதைக்கும் வடிகாலுக்கும் வேண்டிய இடத்தையும் விடுவிக்கக் கம்பனியின் தலைமை அலுவலகம் மார்ச் 13ஆந் திகதிக்குள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கடித வரைவு இணைக்கப்பட்டுள்ளது. அத்திகதி தவறினால் 12 வீடுகளின் மண் வேலை அடுத்த சனவரிக்குத் தள்ளிப்போகும். அக்குடும்பங்கள் ஒரு பருவமழைக்குப் பதிலாக இரண்டை இப்போதைய லயனில் கழிக்க நேரும். மேற்பிரிவிலேயே தடுப்புச் சுவர் கட்டுவது மற்றொரு வழி. அதற்கு மதிப்பீட்டில் பணமில்லை. மழைக்குமுன் முடிக்கவும் இயலாது. ஆகவே, இவ்வழி பரிந்துரைக்கப்படவில்லை.

இரண்டு: கனமழை இரவுகளில் இந்த 12 குடும்பங்களும் தங்குவதற்குத் தோட்டத்தின் பொது மண்டபத்தை ஒதுக்கவும், திறப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்று பெயரிடவும் பிரதேச செயலாளரும் தோட்ட முகாமையாளரும் ஏப்ரல் 30ஆந் திகதிக்குள் உடன்பட வேண்டும்.

முதன்மையான இடர்: லயனுக்கு மேலுள்ள மண்மேடு வெட்டப்பட்டு வடிகாலின்றி இருப்பதால், தொடர்மழையில் அது சரியக்கூடும், சரிந்தால் 12 குடும்பங்களின் உயிருக்கு ஆபத்து.

நிலை: 28 வீடுகளில் அத்திவாரம் 28, சுவர் 20, கூரை 9, இவை திட்டப்படி நடக்கின்றன. மேற்பிரிவின் 12 வீடுகளில் வேலை ஆரம்பிக்கப்படவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. மணல், குடிநீர் வேலைகளில் கூட்டத்தின் தீர்மானம் தேவையில்லை."

நீளத்தில் இது பழைய அறிக்கையைவிடச் சிறியதன்று. இறுக்குவது என்பது சொற்களைக் குறைப்பது மட்டுமன்று. தீர்மானத்திற்கு வேண்டாதவற்றைக் கீழே இறக்கி, வேண்டியவற்றை மேலே ஏற்றுவது. மணல் தாமதம் ஒரு வரியில் அடங்கிவிட்டது. அது நடந்துவிட்ட சிக்கல், தீர்ந்துகொண்டும் இருக்கிறது. சிரமதானப் புகழ்ச்சி நீங்கியது. அது உண்மையே என்றாலும், நன்றி சொல்லும் இடம் வேறு.

இடர் எழுதப்பட்ட முறையையும் கவனிக்க வேண்டும். அதில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன: இன்று கண்ணுக்குத் தெரியும் காரணம், நாளை நடக்கக்கூடிய நிகழ்வு, அதனால் வரும் விளைவு. "மழையால் இடர் உண்டு" என்று மட்டும் எழுதினால் அது எல்லாத் தோட்டங்களுக்கும் எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்தும். ஆகவே, எவரையும் அசைக்காது. வடிகால் இல்லை என்ற காரணம் எழுதப்பட்டவுடன், வடிகால் வெட்டலாமே என்று ஒருவர் கூட்டத்திலேயே கேட்பார். விளைவு எழுதப்பட்டவுடன், இதை ஒத்திவைக்கலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இடரோடு ஓர் அளவுகோலையும் சேர்த்துவிட்டால் அது இன்னும் பயன்படும். எந்த அறிகுறி தோன்றியதும் யார் என்ன செய்ய வேண்டும் என்பதே அது. இதற்கு நல்ல முன்மாதிரி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை முறையிலேயே உண்டு. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்து தொடர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐக் கடந்தால் வெளியேற வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு செயல் கட்டப்பட்டிருக்கிறது. மழை கொட்டும் நள்ளிரவில் எவரும் கூடி ஆராய வேண்டியதில்லை. தோட்ட அலுவலகங்களில் மழைமானி வைத்திருப்பது பழைய வழக்கம். ஆனால், பொதுவாக அதைக் காலையில் ஒருமுறையே பார்க்கிறார்கள். இரவில் பெய்த மழையைக் காலையில் அறிந்து பயனில்லை. ஆகவே, மே முதல் செப்ரெம்பர் வரை இரவிலும் மழைமானியைப் பார்ப்பவர் இன்னார் என்று ஒரு வரி அறிக்கையில் ஏறுமானால், இடர் காகிதத்திலிருந்து ஒருவருடைய கடமைக்குள் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். எண்களுக்கும் எல்லை உண்டு. நிலத்தில் புது வெடிப்போ, சாய்ந்த மரமோ, திடீரென ஊறும் சேற்று நீரோ தென்பட்டால் எந்த அளவையும் எதிர்பாராமல் வெளியேற வேண்டும்.

இம்முறைக்கும் தவறும் இடங்கள் உண்டு. எல்லாவற்றையும் இடர் என்று எழுதத் தொடங்கினால் எதுவும் இடராகத் தோன்றாது. பத்துத் தீர்மானங்களைக் கேட்ட அறிக்கைக்கு எளிதான இரண்டு கிடைக்கும், கடினமானவை மிஞ்சும். இரண்டு மூன்றுக்கு மேல் முதற்பக்கத்தில் ஏற்றாமல் இருப்பதே நன்று. அடுத்து, கூட்டத்திற்கு வருகின்ற கம்பனிப் பிரதிநிதிக்குக் காணி விடும் அதிகாரம் பெரும்பாலும் இராது. அவரிடம் அங்கே திடீரெனக் கேட்டால், "மேலிடத்தில் பேசிச் சொல்கிறேன்" என்பார். அந்த மூன்று நாட்களும் கழிந்துவிடும். ஆகையால், அறிக்கையின் முதற்பக்கமும் கடித வரைவும் ஒரு வாரம் முன்னரே கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்தைச் சேர வேண்டும். கூட்டத்தில் கேட்பது நினைவூட்டலாகவே அமைய வேண்டும்.

இன்னும் ஒரு தடை உண்டு, அது அச்சம். ஆபத்தை எழுத்தில் வைப்பது தம் குறையை ஒப்புக்கொள்வதாக முடியுமோ என்று இளைய உத்தியோகத்தர் தயங்குவதுண்டு. அதனாலேயே "அவதானிப்புகள்" போன்ற மென்மையான சொற்களைத் தேடுகிறார்கள். இதற்கு மருந்து கூட்டத்தின் தலைவரிடமே இருக்கிறது. சிக்கலைச் சொன்ன அறிக்கையின் முதற்கேள்வி "ஏன் இப்படி ஆயிற்று?" என்பதாக இருந்தால், அடுத்த மாத அறிக்கை மீண்டும் "திருப்திகர"மாகிவிடும். "இன்று நாங்கள் எதைத் தீர்மானிக்க வேண்டும்?" என்பதாக இருந்தால், உண்மை மேலே வரும். எழுதுபவர் செய்யக்கூடியது, ஆளைக் குறை கூறாமல் நிலத்தையும் நாளையும் கடிதத்தையும் பேசவிடுவது. நிறுவனத்தின் கடிதத்தைச் சுருக்கித் தம் சொல்லில் மென்மையாக்காமல், முடிவான வரியை அப்படியே எடுத்தெழுதிக் கடிதத்தை இணைத்துவிட்டால் பாரம் அவர்மேல் விழாது.

அறிக்கை பயன்பட்டதா இல்லையா என்பதை அறிவதற்கு, அதை மீண்டும் படிக்க வேண்டியதில்லை. கூட்டக் குறிப்பைப் படித்தால் போதும். அதிலே "முன்னேற்றம் கவனத்திற்கொள்ளப்பட்டது" என்று இருந்தால், அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் தோற்றுவிட்டது. ஒருவரின் பதவிப் பெயரும், ஒரு செயலும், ஒரு திகதியும் இருந்தால் அது வென்றது. தோற்றிருந்தால், அடுத்த மாத அறிக்கையின் முதல் வரியிலேயே, "இத்தீர்மானம் இரண்டாவது முறையாகக் கேட்கப்படுகிறது, கடந்த மாதக் கடைசி நாள் மார்ச் 13, இப்போது இழக்கப்பட்டது இது" என்று எழுத வேண்டும். கேட்டதைப் புதிதாகக் கேட்பதுபோல் எழுதினால், காலம் கடந்தது எவருக்கும் தெரியாமற் போய்விடும்.

அப்படி எழுதியும் தீர்மானம் மறுக்கப்படலாம். காணியைக் கம்பனி தர மறுக்கலாம். பணம் இல்லை என்று அமைச்சு சொல்லலாம். எந்த அறிக்கையும் காணியையோ பணத்தையோ உண்டாக்காது. ஆனால், மறுப்பும் ஒரு தீர்மானமே. மறுத்தவர் யார், எந்த நாளில், எதை அறிந்து மறுத்தார் என்பது குறிப்பில் நிற்கும். திட்டத்தை நடத்துவோர் அன்றே வேறு இடம் தேடலாம். மண்மேட்டின் அடியில் வாழும் 12 குடும்பங்களும், வராத வீட்டை நம்பி மழைக்குக் காத்திராமல், தமக்கு எஞ்சியுள்ள வழி யாது என்பதை மே மாதம் பிறக்குமுன்னரே அறிந்துகொள்வார்கள்.